சாம்பாரும் தக்காளி சோஸும் பட்ட வெள்ளைச் சேர்ட்: துவைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

சாம்பார்க் கறையில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்ததும் மஞ்சள் நிறம் செங்கபிலமாக மாறும். கறை ஊறிப் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பல வீடுகளில் பிரஷ் எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். துணி நைந்துபோவதுதான் மிச்சம். கறை அப்போதும் போகக்கூடிய நிலையிலேயே இருக்கிறது.

எங்கள் கல்லடி வீட்டுக்குத் திங்கட்கிழமை வந்த பிள்ளையின் பாடசாலைச் சேர்ட்டையே எடுத்துக்கொள்வோம். பையில் ரோல்ஸோடு வந்த சோஸ், கைமடிப்பில் காலை இட்லியின் சாம்பார். இரண்டையும் ஒரே வாளியில் ஊறப்போடக் கூடாது. சாம்பாரின் எண்ணெயும் மஞ்சளும் கரைந்து, கறையே இல்லாத முதுகுப் பக்கத்திலும் ஏறிவிடும்.

முதலில் சோஸ். இது எளிது. கரண்டியின் விளிம்பால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். சேர்ட்டை உட்புறம் வெளியே திருப்பி, கறையின் பின்பக்கம் குழாயடியில் வரும்படி பிடியுங்கள். தண்ணீர் சோஸை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். குளிர்ந்த நீர் மட்டும் போதும், சுடுநீர் வேண்டாம். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகள் விட்டு, துணியோடு துணியை மெதுவாகக் கசக்கிப் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள். இளஞ்சிவப்பு கொஞ்சம் நின்றால் கவலை இல்லை, வெயில் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சாம்பாருக்குத்தான் பொறுமை வேண்டும். பருப்பை வழித்தெடுத்து, பழைய வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்ததாகத் தண்ணீர் படாத துணியிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தை இடுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் எண்ணெயில் கரைவது. தாளித்த எண்ணெயோடுதான் அது நூலுக்குள் போகிறது. முதலில் நனைத்துவிட்டால் திரவம் நீர்த்துப்போய், எண்ணெயைப் பிடிக்கும் வலுவை இழக்கும். கால் மணி நேரம் கழித்து அலசினால் எண்ணெய்ப் பிசுக்கு போய், வெளிறிய மஞ்சள் மட்டும் மிஞ்சும்.

இந்த வேலைக்குச் சவர்க்காரக் கட்டியை நான் எடுப்பதில்லை. ஒரு காரணம் நம் கிணற்று நீர். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் பல கிணறுகளில் உவர்ப்பு இருப்பதால் கட்டி சரியாக நுரைக்காது, துணியில் பிசுபிசுப்பாகப் படிந்தும்விடும். மற்றக் காரணம் அந்தச் சிவப்பு. சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். பாடசாலை ஆய்வுகூடத்துப் பாசிச்சாயத்தாள் போலத்தான். ஏற்கெனவே சிவந்துவிட்டால், நிறமற்ற வினாகிரி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து கறையில் ஊற்றுங்கள். மஞ்சள் திரும்பி வந்ததும் நன்றாக அலசிவிடுங்கள்.

மிஞ்சிய மஞ்சளை அழிப்பது வெயில். ஈரத்தோடு, கறை சூரியனைப் பார்க்கும்படி கொடியில் போடுங்கள். குர்குமின் ஒளி பட்டால் சிதைந்துவிடும். பாடசாலை விட்டு வந்ததும் போட்டால் நம் ஊர் வெயிலில் மாலைக்குள்ளேயே நிறம் தெளிவாகக் குறையும். காய்ந்தால் மறுபடி நனைத்து, மறுநாளும் போடலாம்.

இனித் துவைக்கலாமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கறை இருந்த இடத்தில் சவர்க்கார நீர் ஒரு துளி விடுங்கள். சிவந்தால் மஞ்சள் இன்னும் இருக்கிறது. அலசி, திரும்ப வெயிலில் போடுங்கள். வெள்ளையாகவே நின்றால் மற்ற உடுப்புகளோடு சலவைத்தூளில் போடலாம். அதுவரை இஸ்திரிப்பெட்டி அருகிலும் வரக் கூடாது, சூடு கறையை இறுக்கிவிடும்.

பின்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒரு வாசகி, வினாகிரிக்குப் பதில் தேசிக்காய் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். நிறத்தை அதுவும் திருப்பும். ஆனால் தேசிப்புளி பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் புண்ணாகலாம், ஆகவே கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கொடிக்குப் போக வேண்டும். பிளீச் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். குளோரின் பிளீச்சும் வினாகிரியும் சேர்ந்தால் நச்சு வாயு வரும், தேசிப்புளியோடும் அப்படித்தான். ஒரே வாளியில் இரண்டும் ஒருபோதும் வேண்டாம்.

மாரியில் வெயில் கிடைக்காத நாட்களில் இந்த முறை மெதுவாகத்தான் வேலை செய்யும். எண்ணெயை எடுக்கும் வரை செய்துவிட்டு, வெளிச்சம் விழும் விறாந்தையில் சேர்ட்டைத் தொங்கவிட்டு, பிள்ளைக்கு மாற்றுச் சேர்ட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.