வாய்ஸ் பிராசஸுக்கு ஃபிரெஷர் எடுப்பது எப்படி: மொழித் தேர்வு, ஸ்டைபெண்ட், சம்பளக் கணக்கு

ஃபிரெஷர் பேட்ச்சில் ஆட்கள் கழன்றுகொள்ளும் நேரம் பெரும்பாலும் இரண்டுதான்: பயிற்சியின் முதல் வாரம், முதல் பணம் கணக்கில் விழும் நாள். முதலாவதற்குக் காரணம் தவறான மொழித் தேர்வு. இரண்டாவதற்குக் காரணம், நேர்காணலில் பணத்தைப் பற்றி அரைகுறையாகச் சொன்னது. சென்னையில் ஒரு ஆன்லைன் கடைக்கு, தொலைபேசியில் பேசும் ஆங்கில வாடிக்கையாளர் சேவைக்காக ஆள் எடுக்கிறீர்கள் என்று வைத்துப் பார்ப்போம்.

படி 1: மொழித் தேர்வு

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். அதற்கான பதில் மனப்பாடமாக வரும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. பத்து நிமிடத்தில் மூன்று விஷயத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் காது. ஒரு புகாரைச் சாதாரண வேகத்தில் ஒரே ஒருமுறை ஆங்கிலத்தில் வாசியுங்கள்: செவ்வாய்க்கிழமை வரவேண்டிய குக்கர் வரவில்லை, 1,830 ரூபாய் இரண்டு முறை பிடித்துவிட்டார்கள், வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார். பிறகு அதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பொருள் வராதது, பணம் இருமுறை போனது, வெள்ளிக்கிழமைக் கெடு ஆகிய மூன்றும் வரவேண்டும். தொகையை எழுதவும் சொல்லுங்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து வாக்கியம். "பணம் திரும்பி வர ஐந்து வேலை நாள் ஆகும், இன்றே தர முடியாது" என்பதைக் கோபமாக இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு மனப்பாடம் உதவாது. நடந்ததையும் நடக்கப்போவதையும் மாற்றிச் சொன்னால் கவனியுங்கள். "பணம் அனுப்பிவிட்டோம்", "அனுப்புவோம்" இரண்டும் வாடிக்கையாளருக்கு ஒன்றல்ல.

கடைசியாக உச்சரிப்பு. இதற்குத்தான் புதிதாக வரும் ரெக்ரூட்டர்கள் தேவைக்கு மேல் மார்க் குறைக்கிறார்கள். 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆவதும், 'ஃபோன்' 'போன்' ஆவதும் தாய்மொழிச் சாயல். இரண்டு மூன்று வாரப் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்டுப் புரிந்துகொள்ளாததும் வாக்கியம் அமையாததும் அந்தக் காலத்துக்குள் மாறாது. சரளமாகப் பேசி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்பவரை விட, சாயலோடு பேசினாலும் மூன்று விஷயத்தையும் சரியாகச் சொன்னவரையே எடுங்கள்.

தமிழ் பிராசஸ் என்றாலும், கால் முடிந்ததும் கணினியில் குறிப்பை ஆங்கிலத்தில் பதிவதுதான் வழக்கம் என்றால், நான்கு வரி தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள்.

படி 2: ஸ்டைபெண்டைத் தேதியோடு சொல்லுங்கள்

பயிற்சி 30 நாள், ஸ்டைபெண்ட் மாதம் 12,000, பணம் அடுத்த மாதம் 7-ம் தேதி என்று வைப்போம். ஜூன் 11-ல் சேருபவருக்கு ஜூனில் 20 நாள்தான். ஜூலை 7-ல் கையில் வருவது பிடிப்புக்கு முன் 8,000. ஜூலையில் முதல் 10 நாள் ஸ்டைபெண்ட், மீதி 21 நாள் சம்பளம். முழு மாதச் சம்பளம் ஆகஸ்டுக்குத்தான். அது வருவது செப்டம்பர் 7. வெளியூரிலிருந்து வந்து பி.ஜி.யில் தங்கி, அட்வான்ஸ் கட்டுகிறவருக்கு இந்தத் தேதிகள்தான் முக்கியம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இறுதிச் சான்றிதழ் தேர்வில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும்: மறுதேர்வு உண்டா, எத்தனை நாளில், அந்த நாட்களுக்கு எந்தத் தொகை. தேறாமல் வெளியே போகிறவருக்கும் வந்த நாட்களுக்கான பணம் சேரவேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைக்காதீர்கள்.

சம்பளத்துக்கு ஸ்டைபெண்ட் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் பி.எஃப்., குறைந்தபட்சக் கூலி விதிகளிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது. இந்த ஏற்பாட்டை ஆஃபர் அனுப்பும் முன்பே பேரோல் பிரிவிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: பயிற்சிக்குப் பிந்தைய சம்பளம்

ஒருவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. ஆண்டுக்கு 2,07,456 என்று சொன்னால், கேட்பவர் 12-ஆல் வகுத்து மாதம் 17,288 வரும் என்று வீட்டில் சொல்லிவிடுவார். உண்மைக் கணக்கு இது. மாத மொத்தச் சம்பளம் 15,000. முழுத் தொகைக்கும் பிடிப்பு என்று கொள்வோம். ஊழியர் பங்காக பி.எஃப். 12 சதவீதம், 1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113. கையில் வருவது 13,087. நிறுவனத்தின் பங்கான பி.எஃப். 1,800-உம் இ.எஸ்.ஐ. 488-உம் சேர்ந்துதான் 17,288 ஆகிறது. அவை கைக்கு வராது. தொழில்வரி இந்தக் கணக்கில் இல்லை. அது அரையாண்டுக்கு ஒருமுறை தனி.

ஸ்டைபெண்டில் எதுவும் பிடிக்காமல் 12,000 வாங்கியவருக்கு உயர்வு 1,087 மட்டுமே. "டிரெய்னிங் முடிந்ததும் மூவாயிரம் கூடும்" என்று சொல்லி எடுத்திருந்தால், செப்டம்பரில் அவர் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

இன்சென்டிவைச் சம்பளத்தோடு கூட்டிச் சொல்லாதீர்கள். லைவ் கால் எடுக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் கால் தர மதிப்பெண் குறைவாகவே இருக்கும். இன்சென்டிவ் வருவது அரிது. நைட் ஷிஃப்ட் படி, கேப் வசதி இருந்தால் அதையும் தனி வரியாக எழுதுங்கள். முடித்ததும், "செப்டம்பர் 7-ல் உங்கள் கையில் எவ்வளவு வரும்?" என்று அவரையே கேளுங்கள். சரியான தொகையைச் சொன்ன பிறகு ஆஃபரை அனுப்புங்கள்.