ஸ்கேனில் சிக்கி நிற்கும் டிஏடபிள்யூ: கோளாறான ப்ளகினைப் பிடிக்கும் வழி

இசைப்பதிவு மென்பொருளான டிஏடபிள்யூ திறக்கும்போது நடக்கும் ப்ளகின் ஸ்கேன், கோப்புகளின் பெயரைப் படிப்பதோடு முடிவதில்லை. ஒவ்வொரு ப்ளகினையும் மென்பொருள் உண்மையிலேயே ஏற்றி, அதன் பெயர் என்ன, அது இசைக்கருவியா எஃபெக்டா என்று விசாரிக்கிறது. ஏற்றியவுடன் ப்ளகினின் சொந்த நிரல் ஓடத் தொடங்கிவிடும். அது லைசென்ஸ் சர்வரின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தால் டிஏடபிள்யூவும் சேர்ந்து காத்துக் கிடக்கும். பெரும்பாலான உறைதல்களுக்குக் காரணம் இப்படி ஒரே ஒரு ப்ளகின்தான். விண்டோஸில் அதைக் கண்டுபிடிக்கும் முறை இது.

1. உண்மையிலேயே உறைந்திருக்கிறதா?

முதலில் `Alt+Tab` அழுத்திப் பாருங்கள். ஆக்டிவேஷன் கேட்கும் சிறு விண்டோ ஒன்று தொடக்கத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். இருந்தால், அதை மூடியதுமே ஸ்கேன் நகரும், வேலை முடிந்தது.

இல்லையென்றால் பத்து நிமிடம் விடுங்கள். WaveShell போன்ற ஒரே கோப்புக்குள் பல ப்ளகின்கள் இருப்பதால், அந்த இடத்தில் வெகுநேரம் நிற்பது இயல்பு. டாஸ்க் மேனேஜர் `Not Responding` என்று காட்டுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், சிபியு அளவையும் பாருங்கள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. 0 என்றே நின்றால் எதற்கோ காத்திருக்கிறது.

2. முழுவதுமாக மூடுங்கள்

டாஸ்க் மேனேஜரில் `End task` கொடுங்கள். சில டிஏடபிள்யூக்கள் ஸ்கேனுக்கென்று தனி ப்ராசஸ் வைத்திருக்கும், அதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த படியில் "கோப்பு பயன்பாட்டில் உள்ளது" என்று விண்டோஸ் தடுக்கும்.

3. ஃபோல்டரைக் காலியாக்கிச் சோதியுங்கள்

விஎஸ்டி3 ப்ளகின்கள் இருக்கும் இடம்:

```
C:\Program Files\Common Files\VST3
```

அதே `Common Files` உள்ளே `VST3_off` என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, எல்லாவற்றையும் அங்கே நகர்த்துங்கள். காப்பி எடுத்தால் பயனில்லை, பழையது அப்படியே இருக்கும். `VST3` ஃபோல்டருக்கு உள்ளேயே புது ஃபோல்டர் போட்டாலும் வீண்தான். ஸ்கேன் உள் ஃபோல்டர்களிலும் நுழையும். `.vst3` என்று முடியும் சில பெயர்கள் கோப்பு அல்ல, ஃபோல்டர்கள். அவற்றைத் திறக்காமல் முழுசாக நகர்த்துங்கள்.

இப்போது டிஏடபிள்யூ திறந்தால், கோளாறு நீங்கள் நகர்த்தியவற்றில் இருக்கிறது. அப்போதும் உறைந்தால் விஎஸ்டி2 ஃபோல்டரில் இதே சோதனையைச் செய்யுங்கள். அந்த வகை ப்ளகின்கள் `.dll` கோப்புகள் என்பதால், ஸ்கேன் பாதையாக `C:\Program Files` முழுவதையும் யாராவது கொடுத்திருந்தால் ப்ளகினே அல்லாத நூற்றுக்கணக்கான கோப்புகளையும் அது தட்டிப் பார்க்கும். இரண்டும் காலியாக இருந்தும் உறைகிறதா? சந்தேகத்தை ஆடியோ டிரைவர் பக்கம் திருப்புங்கள்.

இந்தச் சோதனை முடியும் வரை பழைய ப்ராஜெக்ட் எதையும் திறந்து சேமிக்க வேண்டாம். ப்ளகின் இல்லாத நிலையில் சேமித்தால், நீங்கள் வைத்திருந்த செட்டிங் போய்விடக்கூடும்.

4. பாதி பாதியாகத் திருப்பி வையுங்கள்

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் நாள் போய்விடும். 40 ப்ளகின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20-ஐத் திருப்பி வைக்கிறீர்கள், திறக்கிறது. அந்த 20 நல்லவை. மேலும் 10 வைக்கிறீர்கள், உறைகிறது. கோளாறு இந்தப் பத்தில். அதில் 5-ஐ வெளியே எடுத்ததும் திறக்கிறது, ஆகவே எடுத்த ஐந்தில் ஒன்று. அவற்றில் 3-ஐ வைத்தும் திறக்கிறது. மீதி இரண்டில் ஒன்றை வைத்ததும் உறைகிறது: அதுதான்.

ஐந்து முறை திறந்து மூடியதில் முடிந்துவிட்டது. நல்ல ப்ளகின்களின் விவரத்தை டிஏடபிள்யூ நினைவில் வைத்துக்கொள்வதால் பின்வரும் சுற்றுகள் பொதுவாக வேகமாகவே போகும். மற்ற அனைத்தையும் திருப்பி வைத்த பிறகும் உறைந்தால், இரண்டாவதாக ஒன்றும் இருக்கிறது என்று அர்த்தம்.

தொடக்கத் திரையில் கடைசியாகத் தெரிந்த பெயரை முதலில் சோதிப்பது நல்ல குறுக்குவழி. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். திரை மாறுவதற்குள் அடுத்த ப்ளகினில் சிக்கியிருக்கலாம்.

5. சரிசெய்து, கேஷையும் அழியுங்கள்

அந்த ப்ளகினின் லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து லாகின் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஏடபிள்யூ இல்லாமல் தனியாக ஓடும் வடிவம் அதற்கு இருந்தால் அதையும் ஒருமுறை திறங்கள். ஸ்கேனில் ஒளிந்துகொண்ட விண்டோ இங்கே கண்முன் வந்துவிடும். அதிலும் தீராவிட்டால் நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

சரியான பின்பும் ப்ளகின் பட்டியலில் வராமல் போவது உண்டு. பல டிஏடபிள்யூக்கள் ஒருமுறை சொதப்பிய ப்ளகினைக் குறித்துவைத்து, அடுத்த முறை தாண்டிப் போய்விடும். ஏபிள்டன் லைவில் `Alt` விசையை அழுத்தியபடி `Rescan` கொடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கும். ரீப்பரில் `Preferences`, `Plug-ins`, `VST` பக்கத்தில் கேஷை அழித்து மறுபடி ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது.