பாதம் தெரியாமல் பொருத்தம் முடியாது: சந்திரனின் நவாம்ச ராசியைக் கண்டுபிடித்து ஒப்பிடும் முறை

பெண்ணுக்கு அஸ்தம், பையனுக்குப் பூரட்டாதி. பொருத்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அஸ்தத்திலிருந்து எண்ணினால் பூரட்டாதி பதின்மூன்றாவது. தினப் பொருத்தம் உண்டு, மாகேந்திரமும் உண்டு. ஒன்று கண்ட ரஜ்ஜு, மற்றது உதர ரஜ்ஜு, ரஜ்ஜு தட்டவில்லை. வேதையும் இல்லை. இத்தனையும் நான்கு பாதங்களுக்கும் ஒன்றேதான். ஆனால் ராசிப் பொருத்தம் என்று வந்தவுடன் பட்டியல் நம்மைத் திருப்பிக் கேட்கிறது: பூரட்டாதி எத்தனையாம் பாதம்?

முதல் மூன்று பாதம் என்றால் பையனின் ராசி கும்பம். கன்னிக்குக் கும்பம் ஆறாவது, கும்பத்துக்குக் கன்னி எட்டாவது, சஷ்டாஷ்டகம். நான்காம் பாதம் என்றால் ராசி மீனம். கன்னிக்கு நேர் ஏழாவது, சமசப்தமம். ஒரே நட்சத்திரம்தான், பாதம் ஒன்று மாறினால் விடை தலைகீழாகிறது. இந்த ஜோடியை வைத்தே முழு முறையையும் போட்டுப் பார்ப்போம்.

படி 1: பாதத்தை ஜாதகத்திலிருந்து எடுப்பது

ஒரு நட்சத்திரத்தின் நீளம் 13 பாகை 20 கலை. அதை நான்காகப் பகுத்தால் ஒரு பாதம் 3 பாகை 20 கலை, அதாவது 200 கலை. ஜாதகத்தில் பாதம் எழுதியிருந்தாலும் ஒருமுறை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்குச் சந்திர ஸ்புடம் வேண்டும். சந்திரன் எந்த ராசியில் எத்தனை பாகை, எத்தனை கலை என்பதே அது.

பெண்ணின் சந்திரன் கன்னி 18 பாகை 25 கலை என்று வைத்துக்கொள்வோம். கன்னிக்கு முன் ஐந்து ராசிகள் முடிந்திருக்கின்றன. ஐந்து முப்பது 150. அதோடு 18 பாகை 25 கலையைச் சேர்த்தால் 168 பாகை 25 கலை. கலையாக்கினால் 10,105. இதை 200-ஆல் வகுத்தால் 50 முழுப் பாதங்கள் போக மிச்சம் இருக்கிறது. அப்படியானால் சந்திரன் நிற்பது 51-ஆம் பாதத்தில். முடிந்துபோன 50 பாதங்களை நான்கால் வகுத்தால் 12 நட்சத்திரங்கள் முடிந்து இரண்டு பாதம் மீதி. ஆகவே பதின்மூன்றாம் நட்சத்திரமான அஸ்தத்தில் மூன்றாம் பாதம்.

பையனின் சந்திரன் கும்பம் 29 பாகை 48 கலை. பத்து ராசிகள் முடிந்து 300 பாகை. மொத்தம் 329 பாகை 48 கலை, கலையில் 19,788. இருநூறால் வகுத்தால் 98 முழுப் பாதங்கள். சந்திரன் 99-ஆம் பாதத்தில் இருக்கிறது. தொண்ணூற்றெட்டை நான்கால் வகுத்தால் 24 நட்சத்திரங்கள் போக இரண்டு பாதம் மீதி. பூரட்டாதி மூன்றாம் பாதம்.

படி 2: பாதத்திலிருந்து நவாம்ச ராசி

ராசிச் சக்கரத்தில் 108 பாதங்கள். ஒவ்வொரு பாதமும் ஒரு நவாம்சம். அசுவினி முதல் பாதம் மேஷ நவாம்சத்தில் தொடங்கி, பாதத்துக்கு ஒரு ராசியாக வரிசையாகப் போகிறது. மூன்று நட்சத்திரங்களில் பன்னிரண்டு ராசிகளும் முடிந்து, நான்காவது நட்சத்திரமான ரோகிணியில் மறுபடி மேஷம். அதனால் மொத்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று குழுக்களை நினைவில் வைத்தால் போதும்.

முதல் குழு: அசுவினி, ரோகிணி, புனர்பூசம், மகம், அஸ்தம், விசாகம், மூலம், திருவோணம், பூரட்டாதி. இவற்றின் நான்கு பாதங்கள் முறையே மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம்.

இரண்டாம் குழு: பரணி, மிருகசீரிடம், பூசம், பூரம், சித்திரை, அனுஷம், பூராடம், அவிட்டம், உத்திரட்டாதி. பாதங்கள் சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம்.

மூன்றாம் குழு: கிருத்திகை, திருவாதிரை, ஆயில்யம், உத்திரம், சுவாதி, கேட்டை, உத்திராடம், சதயம், ரேவதி. பாதங்கள் தனுசு, மகரம், கும்பம், மீனம்.

பெண் அஸ்தம் மூன்று. முதல் குழுவில் மூன்றாம் இடம் மிதுனம். பையன் பூரட்டாதி மூன்று, அதுவும் மிதுனம். ஜாதகத்தின் நவாம்சக் கட்டத்தில் மிதுனத்தில் 'சந்' என்று எழுதியிருக்க வேண்டும். அங்கே இல்லாமல் பக்கத்து வீட்டில் இருந்தால் நம் கணக்கிலோ ஜாதகத்திலோ ஒரு பிழை இருக்கிறது. அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 3: ஒப்பிடுவது

ராசிக் கட்டத்தில் எண்ணியதுபோலவே நவாம்ச ராசிகளையும் எண்ணுங்கள். ஒரே ராசி, ஒன்றுக்கு மற்றொன்று ஏழு, ஐந்து–ஒன்பது இவை நன்று. மூன்று–பதினொன்று, நான்கு–பத்து ஏற்கலாம். இரண்டு–பன்னிரண்டு சற்றுக் குறைவு. ஆறு–எட்டு வந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும்.

இங்கே தொடங்குகிறவர்களுக்குக் கை கொடுக்கும் ஓர் உண்மை இருக்கிறது. இரு நட்சத்திரங்களும் ஒரே குழுவில் இருந்தால் நவாம்சத்தில் ஆறு–எட்டு வரவே வராது. ஒரு குழுவின் நான்கு ராசிகளும் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றுக்கொன்று நான்கு வீட்டுக்கு மேல் விலக வழியில்லை. வேறு வேறு குழு என்றால் பாதங்களைச் சேர்க்கும் 16 வகைகளில் நான்கில் மட்டும் ஆறு–எட்டு வரும்.

அந்த நான்கில் ஒன்றைப் பாருங்கள். அதே அஸ்தம் மூன்றாம் பாதப் பெண்ணுக்கு மிருகசீரிடம் மூன்றாம் பாதப் பையன் என்றால் நவாம்சம் துலாம். மிதுனத்துக்கு ஐந்தாவது, திரிகோணம். மிருகசீரிடம் நான்காம் பாதம் என்றால் விருச்சிகம்; ஆறாவது. இரு பாதங்களுக்கும் ராசி மிதுனமே, நட்சத்திரப் பொருத்தங்களும் ஒன்றே. நவாம்சத்தைத் திறக்காதவர் கண்ணில் இந்த வேறுபாடு படவே படாது.

இதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? என் பழக்கம் இது: ராசியில் சஷ்டாஷ்டகம் இருந்தால், நவாம்சம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை அழித்துவிடுவதில்லை, கடுமை குறைகிறது என்று மட்டும் கொள்கிறேன். ராசி நன்றாக இருந்து நவாம்சத்தில் மட்டும் ஆறு–எட்டு வந்தால் அதற்காகவே ஒரு வரனைத் தள்ளுவதும் இல்லை. இரண்டு இடத்திலும் ஆறு–எட்டு வந்தால் தயங்குகிறேன்.

நம் ஜோடியில் ராசி ஆறு–எட்டு; நவாம்சம் இருவருக்கும் ஒரே மிதுனம். கடுமை குறைந்த சஷ்டாஷ்டகம். ராசியாதிபதிகள் புதனும் சனியும். சனிக்குப் புதன் நட்பு, புதனுக்குச் சனி சமம். ஆகவே தள்ளிவிடக்கூடிய ஜாதகம் அல்ல. ஆனால் இதை முடிவாகச் சொல்லுமுன் இன்னொரு வேலை மீதியிருக்கிறது.

படி 4: பாதத்தின் எல்லையைச் சோதிப்பது

பையனின் சந்திரன் 29 பாகை 48 கலை. கும்பம் முடிய 12 கலைதான் பாக்கி. சந்திரன் ஒரு நாளில் ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 33 கலை. அந்த 12 கலையைக் கடக்க அதற்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். பிறந்த நேரத்தை அரை மணி பிந்தி எழுத வேண்டியிருந்தால் பையன் பூரட்டாதி நான்கு, மீன ராசி, கடக நவாம்சம். ராசிப் பொருத்தம் சமசப்தமமாகிவிடும். நவாம்சமோ மிதுனத்துக்குக் கடகம் என்று இரண்டு–பன்னிரண்டாக இறங்கும்.

எல்லையில் நிற்கிற சந்திரனைக் கண்டுபிடிக்க ஸ்புடம்கூட வேண்டாம். ஜாதகத்தில் 'கர்ப்பச் செல் நீக்கி தசை இருப்பு' என்று ஒரு வரி இருக்கும். பூரட்டாதிக்குக் குரு தசை, 16 வருடம். பாதத்துக்கு நான்கு வருடம். மூன்றாம் பாதம் முடியும்போது இருப்பு சரியாக நான்கு வருடம். நம் பையனுக்கு இருப்பு 4 வருடம் 2 மாதம் 26 நாள் வருகிறது. நான்குக்கு மேல், ஆகவே மூன்றாம் பாதம். ஆனால் நான்கை ஒட்டி இருப்பதால் எல்லையில் இருக்கிறான் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பெண்ணுக்கு அஸ்தம், சந்திர தசை 10 வருடம், பாதத்துக்கு இரண்டரை. இருப்பு 3 வருடம் 8 மாதம் 7 நாள். மூன்றாம் பாதத்துக்குரிய இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவே வசதியாக நிற்கிறது, அங்கே பயமில்லை.

நேரம் மட்டுமல்ல, பஞ்சாங்கமும் எல்லையை நகர்த்தும். வாக்கியத்தில் கணித்த ஜாதகமும் திருக்கணிதத்தில் கணித்த ஜாதகமும் எல்லையில் நிற்கும் சந்திரனுக்கு வெவ்வேறு பாதம் காட்டக்கூடும். பெண் ஜாதகம் வாக்கியத்திலும் பையன் ஜாதகம் திருக்கணிதத்திலும் இருந்தால் அப்படியே ஒப்பிடக் கூடாது. இரண்டையும் ஒரே முறையில், ஒரே அயனாம்சத்தில் மறுபடி கணித்த பிறகே பாதத்தைப் பேச வேண்டும். இரு வீட்டார் இரு வேறு விடையோடு வந்து நிற்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான்.

படி 5: எண்பத்தெட்டாம் பாதம்

பாதம் உறுதியான பின், வைநாசிகம் எனப்படும் 88-ஆம் பாதத்தையும் பார்த்துவிடலாம். பெண்ணின் பாதத்தை ஒன்றாக வைத்து எண்ணும்போது பையனின் பாதம் 88-ஆவதாக வந்தால் தவிர்ப்பது வழக்கம். முன்னோக்கி அவ்வளவு தூரம் எண்ண வேண்டாம். பெண்ணின் பாதத்திலிருந்து 21 பாதம் பின்னால் போனால் அதே இடம். அஸ்தம் மூன்று 51-ஆம் பாதம். 21 கழித்தால் 30, அதாவது பூசம் இரண்டாம் பாதம். இந்தப் பெண்ணுக்கு விலக்க வேண்டியது அந்த ஒரு பாதம் மட்டுமே. இருபத்திரண்டாவது நட்சத்திரம் என்று சொல்லிப் புனர்பூசம் முழுவதையும் சிலர் விலக்கிவிடுகிறார்கள்; பாதத்தை எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு நல்ல வரன் கைநழுவியிருக்காது.

நம் பையனின் பூரட்டாதிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஜாதகத்தில் இருக்கும் நேரம் மருத்துவமனைக் குறிப்பிலிருந்து எடுத்ததா, வீட்டில் யாரோ நினைவிலிருந்து சொன்னதா? குறிப்பிலிருந்து என்றால் மூன்றாம் பாதம் என்றே வைத்துக் கடுமை குறைந்த சஷ்டாஷ்டகம் என்று எழுதலாம். நினைவிலிருந்து என்றால் மூன்று, நான்கு இரண்டு பாதங்களுக்கும் விடையை எழுதி, இரண்டையும் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும்.