16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஏன் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதில்லை?

16 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட கிரிஸ்டலை மைக்ரோகன்ட்ரோலரோடு இணைத்து, நம்பகமான ஃப்ரீக்வன்சி கவுண்டரில் பார்த்தால் 16.00107 என்று காட்டுகிறது. மட்டமான கிரிஸ்டல் என்று சொல்லி வேறொன்றை மாற்றுகிறார்கள். அதுவும் அதே எண்ணையே காட்டுகிறது. இப்படி ஒரே அளவு, ஒரே திசையில் பிழை வந்தால் குறை பெரும்பாலும் கிரிஸ்டலில் இல்லை, அதைச் சுற்றி வைத்த கெபாசிட்டர்களில்தான். மூடியில் அச்சிட்ட எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது டேட்டாஷீட்டில் ‘லோடு கெபாசிட்டன்ஸ்’ என்ற வரியில் இருக்கும்.

அந்த நிபந்தனை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சமானச் சுற்று வேண்டும். உள்ளே இருப்பது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள குவார்ட்ஸ் தகடு. மின்னழுத்தம் கொடுத்தால் அது இயந்திர ரீதியாக அதிர்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் சுற்றுக்கு அந்த அதிர்வு, தொடராக இணைந்த ஒரு சுருள், ஒரு கெபாசிட்டர், ஒரு மின்தடை போலத் தெரியும். இவற்றை L1, C1, R1 என்போம். தகட்டின் இருபுறமும் பூசிய உலோக மின்முனைகள் உண்மையான ஒரு கெபாசிட்டராகவே இருக்கின்றன. அந்த C0 இவற்றுக்கு இணையாக நிற்கும். நம் எடுத்துக்காட்டுக்கு, இந்த வகையில் வழக்கமாகக் காணும் மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்: C1 0.01 பிகோஃபாரட், C0 4 பிகோஃபாரட், R1 30 ஓம். அப்படியானால் L1 ஏறக்குறைய 9.9 மில்லிஹென்றி. C1 எவ்வளவு சின்னது என்பதைக் கவனியுங்கள். இனி வரும் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

L1-உம் C1-உம் ஒன்றையொன்று சமன் செய்யும் இடம் தொடர் ஒத்ததிர்வு, fs. அங்கே கிரிஸ்டல் வெறும் 30 ஓம் மின்தடை போலிருக்கும். அதற்குச் சற்று மேலே, C0-வும் சேர்ந்துகொள்ளும் இடம் இணை ஒத்ததிர்வு, fp. அங்கே மின்மறுப்பு மிக உயர்ந்துவிடும். நம் கிரிஸ்டலில் இவ்விரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். இடைப்பட்ட இந்தக் குறுகிய பட்டையில் மட்டும் கிரிஸ்டல் ஒரு சுருளைப் போல நடந்துகொள்ளும்.

முதல் குழப்பம் இங்கேதான். தொடர் கிரிஸ்டல், இணை கிரிஸ்டல் என்று இரண்டு ஜாதி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எல்லாக் கிரிஸ்டலுக்கும் இரண்டு ஒத்ததிர்வும் உண்டு. எந்த நிலையில் வைத்து ஆலையில் அளந்து சரிசெய்தார்கள் என்பதுதான் வேறுபாடு. ‘இணை’ என்று எழுதியிருந்தால் fp-யில் ஓடும் என்பதும் தவறு. மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் பியர்ஸ் ஆசிலேட்டர், கிரிஸ்டல் சுருளாக இருக்கும் அந்தப் பட்டைக்குள் ஓரிடத்தில் நிற்கும். எந்த இடம் என்பதை வெளிக் கெபாசிட்டர்கள் தீர்மானிக்கின்றன:

```
fL = fs × (1 + C1 / (2 × (C0 + CL)))
```

CL என்பதுதான் லோடு கெபாசிட்டன்ஸ், fL அந்தச் சுமையில் கிரிஸ்டல் ஓடும் அதிர்வெண். CL 18 பிகோஃபாரட் என்றால் fL, fs-ஐ விட 227 பிபிஎம் (பத்து லட்சத்தில் 227 பங்கு) மேலே இருக்கும். ஆலையில் அந்த இடத்தைத்தான் சரியாக 16 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியிருக்கிறார்கள். தொடர் நிலையில் சரிசெய்த கிரிஸ்டலை இதே சுற்றில் போட்டால் அந்த 227 பிபிஎம் முழுவதும் பிழையாகிவிடும், அதாவது 3.6 கிலோஹெர்ட்ஸ்.

அடுத்தது மிகப் பரவலான தவறு. டேட்டாஷீட்டில் 18 என்று இருப்பதால் கிரிஸ்டலின் இரு காலிலும் ஆளுக்கொரு 18 பிகோஃபாரட் கெபாசிட்டரை வைப்பது. இரண்டும் தரைக்குப் போவதால், கிரிஸ்டலின் பார்வையில் அவை தொடராக இருக்கின்றன:

```
CL = (CA × CB) / (CA + CB) + Cs
```

Cs என்பது சிப்பின் கால்களும் போர்டின் தடங்களும் தாமாகவே சேர்க்கும் அளவு. அதை 4 பிகோஃபாரட் என்று கொண்டால், இரண்டு 18-க்குக் கிடைப்பது 9 + 4 = 13 மட்டுமே. சூத்திரத்தில் போட்டால் fs-இலிருந்து 294 பிபிஎம் மேலே. இருக்கவேண்டிய 227-ஐக் கழித்தால் 67 பிபிஎம், அதாவது 1070 ஹெர்ட்ஸ். தொடக்கத்தில் கவுண்டர் காட்டியது இதைத்தான். சரியான மதிப்புக்கு, 18-இல் 4-ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள்: 28. கடையில் கிடைக்கும் 27-ஐ வைத்தால் பிழை 5 பிபிஎம்முக்கு இறங்கிவிடும். மதிப்பைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. கெபாசிட்டர் பெரிதாகப் பெரிதாக உள்ளிருக்கும் பெருக்கிக்குச் சுமை ஏறி, ஒரு நாள் சுற்று தொடங்காமலே நின்றுவிடலாம்.

இதை அளக்கும்போதே கெடுத்துக்கொள்வதும் உண்டு. பத்து மடங்கு புரோப் ஏறக்குறைய 12 பிகோஃபாரட் கொண்டது. அதைக் கிரிஸ்டலின் காலில் வைத்தால், நாம் 27 வைத்த பக்கம் 39 ஆகிறது, அதிர்வெண் 24 பிபிஎம் இறங்குகிறது. அந்த எண்ணை நம்பிக் கெபாசிட்டரைக் குறைத்தால், புரோப்பை எடுத்ததும் அதிர்வெண் ஏறிவிடும். ATmega328P-யில் CKOUT ஃபியூஸைப் போட்டு, PB0 காலில் வரும் கடிகாரத் துடிப்பை அளப்பதே நேர்மையான வழி. அங்கே புரோப் வைத்தாலும் கிரிஸ்டலுக்குச் சுமை போகாது.

இத்தனை பிழைக்கும் பிறகு பத்து லட்சத்தில் சில பங்குக் கணக்குதான் பேசுகிறோம் என்பதே வியப்புக்குரியது. காரணம் Q மதிப்பு. நம் கிரிஸ்டலுக்கு அது ஏறக்குறைய 33,000. பெருக்கியின் கட்டம் வெப்பத்தாலோ மின்னழுத்த மாற்றத்தாலோ ஒரு பாகை நகர்ந்தால், அதை ஈடுகட்ட அதிர்வெண் 0.26 பிபிஎம் நகர்ந்தால் போதும். Q 100 உள்ள சாதாரணச் சுருள்–கெபாசிட்டர் சுற்றில் அதே ஒரு பாகைக்கு 87 பிபிஎம் நகரும். ஆனால் உயர்ந்த Q இருந்தால் எல்லாம் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றின் தடுமாற்றத்திலிருந்து அது காக்கும். தவறான CL-இலிருந்தோ, குவார்ட்ஸே சூடாவதிலிருந்தோ, ஆண்டுதோறும் வரும் முதுமையிலிருந்தோ காக்காது.

இவற்றைப் பிரித்தறிய 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரக் கிரிஸ்டல் நல்ல இடம். DS1307 சிப் 12.5 பிகோஃபாரட் கிரிஸ்டலை எதிர்பார்க்கிறது. சுமை உள்ளேயே இருப்பதால் வெளிக் கெபாசிட்டர் வேண்டாம். அதில் 6 பிகோஃபாரட் கிரிஸ்டலைப் பொருத்தினால், C1 0.003, C0 1 பிகோஃபாரட் என்று கொண்டால், கடிகாரம் 100 பிபிஎம்முக்குச் சற்று மேல் மெதுவாகும். நாளுக்கு ஏறக்குறைய 9 விநாடி. வெப்பத்தின் கணக்கு வேறு. இந்தக் கவை வடிவக் கிரிஸ்டல் 25 பாகை செல்சியஸ் அருகே மிக வேகமாக ஓடும். அங்கிருந்து எந்தப் பக்கம் விலகினாலும், விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். 40 பாகையில் இது 8 பிபிஎம் அளவு, நாளுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. ஆகவே உங்கள் கடிகாரம் ஏசி அறையிலும் வெயில் படும் பெட்டியிலும் ஒரே மாதிரி நாளுக்குப் பல விநாடி பிந்தினால் கிரிஸ்டலின் CL-ஐப் பாருங்கள். அறைக்குள் சரியாக ஓடி, வெயிலில் மட்டும் சிறிது பிந்தினால் அது வெப்பம். அதற்குக் கெபாசிட்டர் மாற்றிப் பயனில்லை, வெப்ப ஈடு உள்ள DS3231 போன்ற சிப்புக்கு மாறவேண்டும்.