செராக்ஸ் கடை மூலையில் மொபைல் சர்வீஸ் கவுன்டர்: கடைக்காரரிடம் இடம் கேட்பது எப்படி?

மொபைல் சர்வீஸ் கற்றுக்கொண்டு தனிக்கடை போடப் பணம் இல்லாதவர்கள் முதலில் தேடுவது இன்னொருவர் கடையில் ஒரு மூலையைத்தான். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒரு பிளக் பாயின்ட் போதும். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பக்கம் இருக்கும் ஒரு செராக்ஸ் கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாணவர் கூட்டம் வரும், அண்ணாச்சி ஒருவரே கல்லாவில் இருப்பார்.

1. கேட்பதற்கு முன்

ஒரு நாள் ஏதாவது நகல் எடுக்கிற சாக்கில் போய்க் கடையைப் பாருங்கள். எந்த மூலை சும்மா கிடக்கிறது? செராக்ஸ் மெஷின் எந்த பிளக்கில் ஓடுகிறது? அவர் என்னென்ன விற்கிறார்? இயர்போனும் சார்ஜரும் அவரே விற்றால் அவற்றை நீங்கள் தொடக்கூடாது. இதை நீங்களே முந்திச் சொன்னால் பாதி சந்தேகம் போய்விடும்.

2. நேரம்

காலையிலும் கல்லூரி விடும் நேரத்திலும் போகாதீர்கள். மதியம் இரண்டரை, மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருக்கும். வேலைக்கு நிற்கும் பையனிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அது அண்ணாச்சி காதுக்குப் போகும்போது வேறு கதையாகியிருக்கும்.

3. பேச்சு

இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்:

"அண்ணாச்சி, நான் மொபைல் சர்வீஸ் பண்றேன். உங்க கடையில அந்தப் பழைய ஃபிரிட்ஜ் நிக்கிற மூலையில நாலடிக்கு ஒரு டேபிள் போட்டுக்க இடம் வேணும். மாசம் மூவாயிரம் வாடகை, ரெண்டு மாச அட்வான்ஸ். கரண்டுக்குத் தனி சப்-மீட்டர் நானே போட்டுக்கிறேன். நீங்க விக்கிற எதையும் நான் விக்க மாட்டேன். நீங்க கடை திறந்த பிறகு வருவேன், அடைக்கிறதுக்கு முன்ன கிளம்பிருவேன், சாவி வேண்டாம். ஒரு மாசம் பாருங்க. சரிப்படலேன்னா டேபிளைத் தூக்கிட்டுப் போயிடுறேன்."

மூவாயிரம் என்பது பேச்சுக்கு. உங்கள் தெரு வாடகையை விசாரித்துக்கொள்ளுங்கள். வருமானத்தில் பங்கு தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். தினமும் எத்தனை டிஸ்ப்ளே மாற்றினாய் என்று கணக்குக் கேட்கும் நிலை வரும், உறவு அதிலேயே கெடும்.

4. அவர் கேட்கப்போவது

பெரும்பாலும் முதல் கேள்வி கரண்டு பில்தான். வாயால் சமாதானம் சொல்லாமல், ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஹாட் ஏர் பிளோயர் 700 வாட், நாளுக்கு அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட். சால்டரிங் அயர்ன் 60 வாட், இரண்டு மணி நேரத்துக்கு 0.12. பத்து வாட் விளக்கு எட்டு மணி நேரத்துக்கு 0.08. மொத்தம் நாளுக்கு 0.55 யூனிட். மாதம் 26 நாள் என்றால் 15 யூனிட்கூட வராது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் 150 ரூபாய்க்குள்தான்.

யூனிட்டை விட லோடுதான் நிஜமான சிக்கல். செராக்ஸ் மெஷின் சூடேறும்போது நிறைய மின்சாரம் இழுக்கும். அதே லைனில் உங்கள் பிளோயரும் ஓடினால் சுவிட்ச் விழும், பாதி நகலில் மெஷின் நிற்கும். முதல் வாரமே இப்படி நடந்தால் கவுன்டர் நிலைக்காது. அதனால் எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்துக்கொள்வதாகவும், செலவு உங்களுடையது என்றும் சொல்லிவிடுங்கள். பேப்பர் கட்டு அடுக்கியிருக்கும் பக்கம் பிளோயர் வேண்டாம். அவர் அதைக் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்தது, "திருட்டு போன் வந்தா போலீஸ் என் கடைக்குல்ல வரும் தம்பி?" நியாயமான பயம். வருகிற ஒவ்வொரு போனுக்கும் நோட்டில் பெயர், நம்பர், கையெழுத்து வாங்குவேன், ஆன் ஆகிற போன் என்றால் `*#06#` அழுத்தி ஐஎம்இஐ எண்ணையும் எழுதிக்கொள்வேன், பில் என் பெயரில்தான் போகும் என்று சொல்லுங்கள். நோட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் நல்லது.

5. கடை சொந்தமா, வாடகையா?

அவர் இறங்கி வந்த பிறகே இதைக் கேளுங்கள். கடை வாடகை என்றால் கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அது இல்லாமல் உள்வாடகை விட அனுமதிப்பதில்லை. இதை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் பழகிய நேரத்தில் காலி பண்ணச் சொல்வார்கள். சம்மதம் வந்தபின் வாடகை, அட்வான்ஸ், கரண்டு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்ற நான்கையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸை அதற்கு முன் கொடுக்காதீர்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றால் அங்கேயே நின்று வற்புறுத்த வேண்டாம். கணக்குப் போட்ட சீட்டில் உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து அதே மதிய நேரத்தில் போங்கள். "வாடகை கொஞ்சம் கூட்டிக் கொடு" என்று ஆரம்பித்தால் இடம் கொடுக்க மனசு வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தனி லைனுக்கு ஆகும் செலவை முதல் மாத வாடகையில் கழிக்கக் கேளுங்கள்.