வூவெய்யைச் சோம்பலாகப் படிக்கும் தவறு

பழைய சீனத் தத்துவமான தாவோயிசத்தின் வூவெய்யை, அதாவது மல்லுக்கட்டாமல் செயல்படுவதை, 'நடப்பது நடக்கட்டும்' என்று கைகட்டி உட்கார்வதாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வைப்பது பெரும்பாலும் அரைகுறை வாசிப்புதான்.

தாவோயிசத்தின் மூல நூல்களில் ஒன்றான சுவாங்ட்சுவின் 3-ஆம் அத்தியாயத்தில் வரும் சமையற்காரர் டிங் கதையையே பாருங்கள். வென்ஹுய் பிரபுவின் முன் அவர் ஒரு மாட்டை வெட்டிப் பிரிக்கிறார். கத்தி தாளம் தப்பாமல் ஓடுகிறது. 19 ஆண்டுகளாக ஒரே கத்தி, பல ஆயிரம் மாடுகள், இன்னும் சாணை பிடித்த புதுக் கூர். சாதாரணச் சமையற்காரர் எலும்பில் போட்டு வெட்டுவதால் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார். டிங்கோ மூட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கத்தியை விடுகிறார்.

நிறைய பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. ஆரம்பத்தில் தன் கண்ணுக்கு முழு மாடுதான் தெரிந்தது, 3 ஆண்டுகளுக்கு அப்புறம்தான் அது மாறியது என்று டிங்கே சொல்கிறார். இதைவிட முக்கியமானது அடுத்த பகுதி. நரம்பும் எலும்பும் சிக்கிக் கிடக்கும் இடம் வந்தால் அவர் உஷாராகிறார், பார்வையை அங்கேயே நிறுத்துகிறார், கையின் வேகத்தைக் குறைத்துக் கத்தியை மிக மெல்ல நகர்த்துகிறார். சட்டென்று இறைச்சி மண்கட்டி போல விழுகிறது. சோம்பேறிக்கு இந்தக் கவனம் வராது. டிங் மிச்சம் பிடித்தது உழைப்பை அல்ல, எலும்போடு மோதும் வீண் வேலையை.

இன்னொரு தவறு, காத்திருப்பதே வூவெய் என்று நினைப்பது. இன்னொரு மூல நூலான தாவோ தே ஜிங்கின் 63, 64-ஆம் பகுதிகள் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. கடினமானதை அது எளிதாக இருக்கும்போதே கவனி, குழப்பம் தலையெடுக்கும் முன்பே சரிசெய், முடியப்போகும் நேரத்திலும் தொடக்கத்தில் இருந்த கவனத்தோடு இரு என்கின்றன. பெரிதாக மல்லுக்கட்ட வேண்டிய நிலை வராததற்குக் காரணம், முன்கூட்டியே செய்த சின்ன வேலைகள்.

இந்தத் தவறான வாசிப்பு பழையது. கி.மு. 139-இல் சீனாவின் ஹான் வம்சப் பேரரசர் வூவிடம் அளிக்கப்பட்ட ஹுவாய்நான்ட்சு நூலிலேயே, அசையாமல் இருப்பதுதான் வூவெய் என்பவர்களுக்கு நேரடி மறுப்பு இருக்கிறது. ஆறு தானாகக் கிழக்கே ஓடும், ஆனாலும் அதை வாய்க்காலில் விட மனிதர் உழைக்க வேண்டும். பயிர் தானாக வளரும், ஆனாலும் பாடுபட வேண்டும் என்கிறது அது. தீ மூட்டிக் கிணற்றை வற்றவைப்பது, ஹுவாய் ஆற்று நீரை மலைமேல் ஏற்றுவது போன்ற, இயல்புக்கு எதிரான செயல்களையே அது தள்ளுகிறது.

சுவாங்ட்சு நூலில் ஒதுங்கிப் போகும் கதைகளும் உண்டு என்பது உண்மை. சூ நாட்டு அரசர் தந்த பதவியை, அந்த நூலுக்குப் பெயர் தந்த தத்துவஞானி சுவாங்ட்சு மறுக்கும் கதை அதில் பிரபலமானது. ஆனால் அங்கே அவர் மறுப்பது அரசவைப் பதவியைத்தான். தூதர்கள் வந்தபோது அவர் கையில் தூண்டில் இருந்தது, அதை விடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசி அவர்களை அனுப்பிவிட்டார்.