"45 நாள் பாக்கி" என்றால் உங்கள் பெயர் நினைவுக்கு வர: ஒரு செய்முறை

நான் கோவையில் கணக்கு, வரி ஆலோசனை வேலை செய்கிறேன். சிறு தொழில் செய்பவருக்குப் பெரிய கம்பெனியிடமிருந்து வராமல் நிற்கும் பாக்கியை வாங்கித் தரும் சட்டம்தான் நான் பிடித்துக்கொண்ட ஒரே தலைப்பு. இந்தத் தலைப்பை எப்படிப் பிடித்தேன், பேச்சு, கட்டுரை, வெபினார் மூன்றையும் எந்த வரிசையில் செய்தேன் என்று சொல்கிறேன். உங்கள் துறை வேறாக இருந்தாலும் வரிசை இதுதான்.

முதல் படி: தலைப்பை ஒரு ஆளும் ஒரு சிக்கலும் ஆகும்வரை குறுக்குங்கள்

"ஜிஎஸ்டி நிபுணர்" என்று சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். நான் முதலில் "சிறுதொழில் சட்டங்கள்" என்று எழுதினேன். அதுவும் அகலம்தான். அதற்குள் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், அதற்குள் தாமதப் பணம் பற்றிய 15 முதல் 24 வரையிலான பிரிவுகள், அதற்குள் ஜாப் ஒர்க் செய்து பில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் உற்பத்தியாளர் என்று வந்து நின்றேன். சரியாகக் குறுக்கிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அந்த ஆள் உங்களிடம் கேட்கப்போகும் முதல் இருபது கேள்விகளை ஒரே மூச்சில் எழுத முடிய வேண்டும். பத்தோடு நின்றால் அந்த ஆளை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. ஐம்பது வந்தும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் தலைப்பு இன்னும் அகலம்.

இரண்டாம் படி: முதலில் பேசுங்கள், எழுதுவது அப்புறம்

புதியவர்கள் பலர் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. எழுதும்போது யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. பேச்சில்தான் கேள்வி வரும், அந்தக் கேள்விகள்தான் பிறகு எழுதுவதற்கான சரக்கு.

கொடிசியா, டான்ஸ்டியா போன்ற தொழில் சங்கங்களும், ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இருக்கும் சிறு சங்கங்களும் உறுப்பினர் கூட்டம் நடத்துகின்றன. சிறு சங்கத்தில் தொடங்குங்கள். செயலாளருக்கு நான்கு வரியில் கடிதம் போதும்: தலைப்பு, யாருக்கு, எத்தனை நிமிடம், கேட்டுவிட்டுப் போகிறவர் மறுநாள் என்ன செய்ய முடியும். கடைசி வரிதான் முக்கியம். நான் எழுதியது: "கூட்டம் முடிந்ததும் தங்கள் பழைய பில்லுக்கு வட்டி எவ்வளவு என்று உறுப்பினர்கள் தாங்களே கணக்குப் போடுவார்கள்."

முப்பது நிமிடப் பேச்சில் சட்ட வரலாறு வேண்டாம். ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரூ.4,00,000 பில். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று போட்டிருந்தாலும் 45 தான். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18, மாதத்துக்கு 1.5. மூன்று மாதத் தாமதத்துக்கு வட்டி ரூ.18,271. இந்த ஒரு எண்ணைப் பலகையில் எழுதியதும் அரங்கில் பலர் தங்கள் போனில் கால்குலேட்டரைத் திறந்தார்கள்.

ஆனால் அதன் பிறகு வந்த முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியதே அல்ல. "சார், வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் வராதே?" நான் எழுதி வைத்திருந்த இருபதில் இது இல்லை. அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். கூட்டத்தில் வரும் ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதியோடு எழுதிவிடுவேன்.

அதே கூட்டத்தில் ஒரு தவறும் செய்தேன். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், "எனக்கும் உத்யம் பதிவு இருக்கு, எனக்கும் பொருந்துமா?" என்றார். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. பொருந்தும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், 2021 ஜூலை உத்தரவின்படி வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான், இந்தத் தாமத வட்டிக்குப் பொருந்தாது. மறுநாள் காலையிலேயே செயலாளரை அழைத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் திருத்தம் போடச் சொன்னேன். ஒரு குறுகிய தலைப்பில் பெயர் வாங்க நினைப்பவர், தெரியாத கேள்விக்கு "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பழக வேண்டும். சொன்னபடி நாளைக்கே சொல்லவும் வேண்டும்.

மூன்றாம் படி: நோட்டிலிருந்து ஒரே கேள்வி, ஒரே கட்டுரை

சங்கங்களின் மாத இதழ்களுக்கு உள்ளடக்கம் எப்போதும் தேவை. நான் எழுதிய முதல் கட்டுரை அந்த "ஆர்டர் போய்விடுமே" கேள்விக்குத்தான், சுமார் 600 சொற்கள். உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் பில்லிலேயே அச்சிடுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு, வட்டியைப் பற்றிப் பேசாமல், ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பிப்ரவரியில் வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் சேர்த்த விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டியும் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக அவர்கள் கழிக்க முடியாது. இப்படிச் சொல்லும்போது அது மிரட்டலாக இல்லாமல் அவர்களுக்கே உதவியாகிறது. தாமதப் பணத்துக்கான அரசின் இணையதளத்தில் புகார் கொடுப்பது கடைசி வழி.

கட்டுரையை அனுப்பும்போது ஆசிரியருக்கு அந்தக் கேள்வியையே முதல் வரியாக எழுதுங்கள். கட்டுரைக்குள் உங்கள் அலுவலகத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பட்டயக் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேலை கேட்டு விளம்பரம் செய்வதை அவர்களின் தொழில் விதிகள் தடுக்கின்றன. பெயருக்குக் கீழே என்ன போடலாம் என்பதை விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: வெபினார்

இரண்டு மூன்று பேச்சும் ஒரு கட்டுரையும் முடிந்த பிறகு இதைச் செய்யுங்கள். அப்போதுதான் அழைக்க ஆட்கள் இருப்பார்கள். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கும். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம், தொடக்கத்துக்கு அது தாராளம். 25 நிமிடம் விளக்கம், மீதி முழுக்கக் கேள்வி. நேரம் மாலை 7 மணிக்குப் பிறகு இருக்கட்டும், பட்டறை ஓடும் நேரத்தில் முதலாளி உட்கார மாட்டார்.

பதிவுப் படிவத்தில் பெயர், தொழில், அப்புறம் "இப்போது உங்களுக்கு நிற்கும் பாக்கியில் எது புரியவில்லை?" என்ற ஒரு கேள்வி. பதிந்தவர்களில் பாதிப் பேர் வராமல் போகலாம். ஆனாலும் அந்தப் பதில்கள் உங்களிடம் வந்துவிட்டன, அவையும் நோட்டுக்குப் போகட்டும். ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் தேதி போடுங்கள். வங்கி விகிதம் மாறும், குறு, சிறு நிறுவன வரம்புகளும் 2025 ஏப்ரலில் மாறின. பழைய ஸ்லைடின் படம் எங்காவது சுற்றினால் அந்தத் தேதிதான் உங்களைக் காப்பாற்றும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பார்வையாளர் எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். நாம் கேட்காமலேயே ஒரு சங்கம் அழைக்கிறதா? நோட்டில் இல்லாத புதிய கேள்விகள் குறைகின்றனவா? நம் வேலையையே செய்யும் இன்னொருவர் தன் கட்சிக்காரரை நம்மிடம் அனுப்புகிறாரா? மூன்றாவது நடக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அறிமுகமே இல்லாத ஓர் ஆடிட்டர் அழைத்து, என் பெயரைக்கூடச் சொல்லாமல், "அந்த 45 நாள் பாக்கி பார்க்கிறவர்தானே?" என்று கேட்டார்.